90,000 ரூபாயைத் திரையில் எப்படிப் பிரிக்கலாம்?

உவர்மலையிலிருந்து ஒருவர்: அக்கா, குடும்ப வரவுசெலவு வீடியோ ஒண்டு செய்தன். வருமானம் 90,000. சாப்பாடு 42,000, டியூஷன் 14,000, கடன் 12,000, பஸ்ஸும் பெற்றோலும் 9,000, கரண்டும் தண்ணியும் 6,000, மற்றது 7,000. ஆறு பட்டையும் ஒரேயடியா எழும்புது. பார்த்த ஆக்களுக்கு ஒண்டும் விளங்கேல்லையாம்.

பதில்: முதலில் 90,000 என்ற ஒரேயொரு பட்டை மட்டும் வரட்டும். அதிலிருந்துதான் எல்லாம் பிரிகிறது என்பது அப்போதே மனதில் பதியும். பிறகு மூன்றாக வெட்டுங்கள்: சாப்பாடு 42,000, டியூஷனும் கடனும் சேர்த்து 26,000, மிச்சம் 22,000. நீங்கள் எதைப் பற்றிப் பேசப்போகிறீர்களோ அந்தத் துண்டை மட்டும் உடைத்துக் காட்டினால் போதும்.

ஸ்கிரிப்ட்டை இரண்டு பத்தியாக எழுதுங்கள், இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் திரை. "சாப்பாட்டுக்கு நாற்பத்திரண்டாயிரம்" என்று சொல்லும்போதே அந்தத் துண்டின் நிறம் மாற வேண்டும், மற்றவை சாம்பலாகவே இருக்கட்டும். அடுத்த வரியில் "நிறுத்தம், 2 விநாடி" என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் எடிட் செய்பவர் அந்த மௌனத்தை வெட்டிவிடுவார், பார்ப்பவருக்கு எண்ணை வாசிக்க நேரம் இருக்காது. அந்த 2 விநாடியில் வேறு எதுவும் அசையக் கூடாது.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்: வட்ட வரைபடம் போட்டா எல்லாருக்கும் லேசா விளங்குமே? எண்ணும் 0 இலிருந்து ஓடி வந்தா வடிவா இருக்கும்.

பதில்: மூன்று துண்டென்றால் வட்டம் சரி. ஆறென்றால் 14,000 பெரிதா 12,000 பெரிதா என்று கண்ணால் சொல்ல முடியாது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பட்டைகளில் உடனே தெரியும். ஆனால் அந்தப் பட்டைகள் பூச்சியத்தில் தொடங்க வேண்டும். 10,000 இல் தொடங்கினால் டியூஷன் கடனைப் போல இரண்டு மடங்காகத் தெரியும், அது பொய்.

ஓடும் எண்ணை ஓடும்போது யாரும் வாசிப்பதில்லை. பட்டை துள்ளி நிற்கும் அசைவையும் விடுங்கள், துள்ளும் கணத்தில் அது 42,000 ஐத் தாண்டிவிடுகிறது.

இன்னொருவர்: After Effects இல பட்டை மேலயும் கீழயும் வளருது, ஏன்?

பதில்: Anchor Point நடுவில் இருக்கிறது. அதைப் பட்டையின் அடிக்கு இறக்குங்கள். Scale இல் சங்கிலிக் குறியை எடுத்துவிட்டு, இரண்டாவது எண்ணை மட்டும் மாற்றுங்கள்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: நாங்கள் கடல் தொழில். மாரியில கடல் கொந்தளிச்சா வருமானமே இல்ல. எந்தச் செலவைக் குறைக்கிறது, அக்கா?

பதில்: தம்பி, அது உங்கள் வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டியது. ஆனால் உங்கள் கணக்கைத் திரையில் காட்ட வந்தால் சராசரி மாத வருமானத்தைப் போடாதீர்கள், அது மாரியை மறைத்துவிடும். 12 மாத வருமானத்துக்கும் 12 பட்டை, குறுக்கே மாதச் செலவுக்கு ஒரு கோடு. கோட்டை எட்டாத மாதங்களுக்கு மட்டும் நிறம் கொடுங்கள்.

உவர்மலையிலிருந்து முதலில் கேட்டவர்: ஆறே கூட எண்டிட்டு, இப்ப பன்னிரண்டா?

பதில்: இவை ஒரே விடயத்தின் 12 மாதங்கள், கண் அதை ஒரு வடிவமாகவே பார்க்கும். ஒவ்வொன்றின் மேலும் எண் போட்டால்தான் நெரிசல். சின்ன போன் திரையில் மாதப் பெயர்களை எப்படி வாசிக்கும்படி வைப்பது என்பதற்கு எனக்குத் திருப்தியான வழி இன்னும் அகப்படவில்லை. நீங்கள் யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.