‘வரை’யை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: நாங்கள் போர்வெல் சப்மெர்சிபிள் பம்ப் தயாரிக்கிறோம். கொடிசியா வளாகத்தில் நடக்கும் வேளாண் கண்காட்சிக்கான பிரசுரத்தில் போட, எட்டு வரி ஆங்கில அறிமுகத்தை என்னைத் தமிழாக்கச் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி “கம்பீரமா இருக்கணும்மா” என்கிறார். இல்லாததைச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, கோவை

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பியிருக்கும் எட்டு வரிகளில் எனக்குக் கவலை தருவது ஐ.எஸ்.ஓ. வரிதான். ‘ஐ.எஸ்.ஓ. 9001:2015 சான்று பெற்ற நிறுவனம்’ என்பதை, ஓசைக்காக ‘ஐ.எஸ்.ஓ. தரச்சான்று பெற்ற பம்புகள்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். அந்தச் சான்று பம்புக்கு அல்ல, நிறுவனம் தரத்தை நிர்வகிக்கும் முறைக்குத் தரப்படுவது. சான்றிதழின் நகலை வாங்கிப் பாருங்கள். எந்த முகவரிக்கு, எந்த வேலைக்கு, எந்தத் தேதி வரை என்று அதிலேயே இருக்கும். உங்களுக்கு இரண்டு யூனிட் இருந்து, ஒன்றின் முகவரி மட்டும் அதில் இருந்தால், தமிழிலும் அந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

பம்புக்கே உரியது ஐ.எஸ்.ஐ. முத்திரை. போர்வெல் சப்மெர்சிபிளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 8034. உரிமத்தில் எந்தெந்த மாடல்கள் சேர்ந்திருக்கின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்கள் மட்டும் என்றால், ‘எங்கள் பம்புகள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவை’ என்ற வரி தவறாகிவிடும். தமிழில் அதை எல்லா பம்பும் என்றுதான் படிப்பார்கள்.

அடுத்தது, ‘30 சதவீதம் வரை மின்சாரம் மிச்சம்’. எதைவிட 30 என்று உங்கள் ஆங்கில மூலத்திலேயே இல்லை. டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். உங்கள் பழைய மாடலோடு ஒப்பிட்டு, 50 மீட்டர் ஹெட்டில், அதாவது தண்ணீரை அவ்வளவு உயரம் ஏற்றும்போது, எடுத்த கணக்கு என்றால், ‘எங்கள் பழைய மாடலைவிட 30 சதவீதம் வரை (50 மீட்டர் ஹெட்டில்)’ என்று எழுதுங்கள். ஹெட் மாறினால் பம்பின் திறனும் மாறும். 120 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் விவசாயிக்கு அந்த 30 பொருந்தாமல் போகலாம்.

‘ஆண்டுக்கு 20,000 பம்ப் தயாரிக்கும் திறன்’ என்பதும் ‘தயாரிக்கிறோம்’ என்பதும் ஒன்றல்ல. இதே இடத்தில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். ஸ்டாலுக்கு வந்த டீலர் பிரசுரத்தை நீட்டி, “20,000 போகுதா?” என்று கேட்டபோது, நின்றிருந்த சேல்ஸ் பையனால் பதில் சொல்ல முடியவில்லை.

முதலாளி கேட்கும் கம்பீரத்துக்கு, ‘முன்னணி நிறுவனங்களில் ஒன்று’ என்பதை ‘முன்னணி நிறுவனம்’ ஆக்க வேண்டியதில்லை. தொடங்கிய ஆண்டு, ஊர், செய்யும் பொருள் மூன்றையும் முதல் வரியில் நேராகச் சொல்லுங்கள், போதும்.

முடித்ததும், ஆங்கில மூலத்தைப் பார்க்காத உற்பத்திப் பிரிவு ஆள் ஒருவரிடம் தமிழைக் கொடுத்து, ஒவ்வொரு வரியும் என்ன உறுதி தருகிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதை மூலத்தோடு ஒப்பிடுங்கள். அச்சுக்குப் போகும் கடைசி புரூஃபையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வரி நீளம் என்று டிசைனர் முதலில் வெட்டுவது ‘வரை’யையும் ‘ஒன்று’ என்பதையும்தான்.