வண்டி எண்ணில் இரண்டு இலக்கம் மாறியது. 42,000 ரூபாய் அபராதமா?

கேள்வி: கரூரில் படுக்கை விரிப்புகள் தயாரித்து விற்கிறோம். எர்ணாகுளத்தில் உள்ள கடைக்கு ரூ.4,20,000 மதிப்புள்ள சரக்கை அனுப்பினோம். 5% வரி ரூ.21,000. இ-வே பில்லில் லாரி எண் 2864 என்பதற்குப் பதில் 2846 என்று பதிவாகிவிட்டது. பாலக்காடு அருகே பறக்கும் படையினர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். இன்று எம்ஓவி-07 நோட்டீஸ் வந்திருக்கிறது, ரூ.42,000 அபராதம் என்கிறது. "கட்டிவிட்டு வண்டியை எடுங்கள்" என்று லாரி உரிமையாளர் நெருக்குகிறார். கட்டிவிடலாமா, பதில் எழுதலாமா?

– வாசகர், கரூர்

பதில்: எழுதுங்கள். அதற்கு முன் நோட்டீஸில் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

முதலில், அது யார் பெயருக்கு வந்திருக்கிறது? ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆவது பிரிவின்படி சரக்கின் உரிமையாளர் முன்வந்தால் அபராதம் வரியைப் போல் இரு மடங்கு. உங்களுக்கு 42,000 வந்தது அப்படித்தான். உரிமையாளர் முன்வராவிட்டால், சரக்கு மதிப்பில் பாதி அல்லது வரியின் இரு மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. உங்கள் கணக்கில் அது ரூ.2,10,000. பல நேரங்களில் நோட்டீஸை ஓட்டுநர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவரும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். நோட்டீஸ் ஓட்டுநர் பெயரிலோ லாரி உரிமையாளர் பெயரிலோ இருந்தால், "சரக்கின் உரிமையாளர் நாங்களே" என்று உங்கள் நிறுவனத்தின் பெயரில் உடனே எழுதிக் கொடுங்கள். சரக்கோடு இன்வாய்ஸ் போயிருந்தால் அனுப்பியவரையோ பெறுபவரையோ உரிமையாளராகக் கருத வேண்டும் என்று 2018 டிசம்பர் 31-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கை (76/50/2018) சொல்கிறது.

அடுத்து, நிறுத்தி வைத்ததற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வண்டி எண் வேறுபாடு மட்டும்தானா, அல்லது சரக்கின் அளவிலும் வேறுபாடு என்கிறார்களா? சரக்கை எண்ணிப் பார்த்த அறிக்கை எம்ஓவி-04 என்ற படிவத்தில் இருக்கும். அதன் நகல் உங்களிடம் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அதில் சரக்கு இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறது என்று இருந்தால், உங்கள் பதிலுக்கு அதுவே முதுகெலும்பு. அளவிலும் கோளாறு என்று இருந்தால் இது வேறு வழக்கு. நான் கீழே சொல்வது அதற்குப் போதாது.

இப்போது உங்கள் பிழைக்கு வருவோம். 2018 செப்டம்பர் 14-ஆம் தேதி மத்திய மறைமுக வரிகள் வாரியம் 64/38/2018 என்ற சுற்றறிக்கையை வெளியிட்டது. இன்வாய்ஸும் இ-வே பில்லும் சரக்கோடு இருக்கும்போது, குறிப்பிட்ட சில சிறு பிழைகளுக்காக 129-ஆவது பிரிவின் நடவடிக்கையைத் தொடங்கக் கூடாது என்று அது சொல்கிறது. வண்டி எண்ணில் ஓரிரு இலக்கமோ எழுத்தோ மாறியிருப்பது அந்தப் பட்டியலில் உள்ள பிழை. 2864, 2846 ஆனதில் மாறியவை இரண்டு இலக்கங்கள்தான். இத்தகைய பிழைக்கு அந்தச் சுற்றறிக்கை சொல்லும் அபராதம், வெளிமாநில விற்பனை என்பதால், இந்தச் சரக்குக்கு ரூ.1,000. நாற்பத்திரண்டாயிரம் அல்ல. மூன்று இலக்கம் மாறியிருந்தால் இந்தப் பாதுகாப்பு இவ்வளவு நேரடியாகக் கிடைத்திருக்காது.

சுற்றறிக்கையின் எண்ணை மட்டும் எழுதி அனுப்புவது பலர் செய்யும் தவறு. அதிகாரியின் இடத்திலிருந்து பாருங்கள். அவருடைய சந்தேகம், ஒரே பில்லை வைத்துக்கொண்டு இரண்டு வண்டியில் சரக்குப் போகிறதோ என்பதுதான். 2846 எண்ணுள்ள லாரி ஏற்கனவே போய்விட்டது, இது கணக்கில் வராத இரண்டாவது லோடு என்று அவர் நினைக்கலாம். அந்த நினைப்பை உடைக்கும் சான்று பதிலில் இருக்க வேண்டும்.

உங்களிடம் அது இருக்கும். லாரி ரசீதில் 2864 என்று சரியாக எழுதியிருக்கிறதா? அதுவே முதல் சான்று. எடை மேடைச் சீட்டில் வண்டி எண்ணும் நேரமும் இருக்கும். ஃபாஸ்டாக் கணக்கில், பில் உருவான நேரத்துக்குப் பிறகு 2864 எந்தச் சுங்கச் சாவடியை எப்போது கடந்தது என்பது பதிவாகியிருக்கும். பரிவாகன் தளத்தில் 2846 எண்ணுள்ள வாகனம் எது என்று தேடிப் பாருங்கள்; அது ஸ்கூட்டராகவோ காராகவோ இருந்தால் அந்தத் திரையை அச்செடுத்து இணையுங்கள். இவ்வளவு சரக்கு ஸ்கூட்டரில் போகாது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பதிலை ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். சரக்கின் உரிமையாளர் நாங்கள். இன்வாய்ஸும் பில்லும் வண்டியில் இருந்தன. வரி இன்வாய்ஸில் காட்டப்பட்டிருக்கிறது. எம்ஓவி-04 அறிக்கையில் வேறுபாடு இல்லை. எண் இடம் மாறியது தட்டச்சுப் பிழை, இதோ சான்றுகள். ஆகவே 64/38/2018 சுற்றறிக்கை பொருந்தும். உத்தரவுக்கு முன் நேரில் விளக்க வாய்ப்பு வேண்டும். அந்த வாய்ப்பைத் தராமல் அபராதம் விதிக்க முடியாது என்று 129(4) உட்பிரிவு சொல்கிறது. கொடுத்ததற்கு ஒப்புகை முத்திரை வாங்குங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பழைய பில்லை ரத்து செய்து புதிதாக எடுக்க முயல வேண்டாம். வழியில் சரிபார்க்கப்பட்ட பில்லை ரத்து செய்ய விதி இடம் தருவதில்லை. முயன்றாலே சந்தேகம் கூடும்.

நாள் கணக்கு இப்படி: நிறுத்திய 7 நாளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும், நோட்டீஸ் சேர்ந்த 7 நாளுக்குள் உத்தரவு (எம்ஓவி-09) போட வேண்டும். ஏழாவது நாள் வரை காத்திருக்காமல் நாளையே பதிலைக் கொடுங்கள். லாரியின் காத்திருப்பு வாடகை உங்கள் தலையில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

லாரி உரிமையாளர் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. வாடகை ஏறுவதும் எர்ணாகுளத்துக் கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்வதும் சேர்ந்து 42,000-ஐத் தாண்டும் என்றால் வண்டியை வெளியே எடுக்கத்தான் வேண்டும். எம்ஓவி-08 பத்திரத்தோடு வங்கி உத்தரவாதம் தந்து எடுக்கலாம். ஆனால் இவ்வளவு சிறிய தொகைக்கு வங்கி எடுத்துக்கொள்ளும் நாட்களைப் பார்த்தால் பணமாகக் கட்டுவதே எளிது. அப்படிக் கட்டினால், "எதிர்ப்புடன் கட்டுகிறோம், எங்கள் பதில் நிலுவையில் இருக்கிறது, காரணம் சொல்லி எம்ஓவி-09 உத்தரவு தாருங்கள்" என்று அன்றே எழுதிக் கொடுங்கள். பணம் கட்டியதும் நடவடிக்கை முடிந்ததாக 129(5) கருதுகிறது. கோப்பை மூடிவிட அதிகாரிக்கு அது வசதி. உத்தரவு இல்லாமல் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வீர்கள்? உத்தரப் பிரதேசத்தில் நிறுத்தப்பட்ட பாக்குச் சரக்கு பற்றிய ஏஎஸ்பி டிரேடர்ஸ் வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது: பணம் கட்டியிருந்தாலும், ஆட்சேபணை இருக்கும்போது அதிகாரி காரணங்களோடு உத்தரவு பிறப்பித்தே ஆக வேண்டும்.

உத்தரவு பாதகமாக வந்தால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அபராதத்தில் 10%, அதாவது ரூ.4,200, முன்கூட்டியே கட்ட வேண்டும். உத்தரவு கிடைத்த 15 நாளுக்குள் அபராதமும் கட்டாமல் இருந்தால் சரக்கை விற்றுத் தொகையை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே சரக்கு இன்னும் அவர்கள் பிடியில் இருக்குமானால் மூன்று மாதம் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். உங்களுக்கு இருப்பது அந்தப் பதினைந்து நாள்தான்.