சட்டையை மாற்றினால் முகமும் மாறுவது ஏன்?

கேள்வி: அப்பாவின் பழைய போட்டோவில் சட்டையை மட்டும் சரிசெய்யச் சொன்னால், ஏஐ முகத்தையும் மாற்றிவிடுகிறது. பார்த்தால் அப்பா மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அப்பா இல்லை. ஏன்? எப்படித் தடுப்பது?

நான் பழைய போட்டோக்களைச் சரிசெய்து கொடுக்கிறவன். "மாதிரிதான் இருக்கு, ஆனா அவர் இல்ல" என்று வாடிக்கையாளர்கள் சொல்லி நானும் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் சட்டை என்று சொன்னாலும், மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் குறித்துக் காட்டும் மாஸ்க்கைப் போடாவிட்டால் ஏஐ படம் முழுவதையும் புதிதாக வரைகிறது. படம் வரையும் ஏஐ-களில் ஒன்றான ஸ்டேபிள் டிஃப்யூஷனை எடுத்துக்கொள்வோம். அது முதலில் படத்தை நீளம், அகலம் இரண்டிலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொள்ளும். குரூப் போட்டோவில் ஒருவர் கண் 16 பிக்சல் அகலம் என்றால், சுருக்கிய பிறகு அதற்குக் கிடைப்பது இரண்டே கட்டம். இமை மடிப்பும் பார்வையும் அந்த இரண்டு கட்டத்துக்குள் அடங்க வேண்டும். சின்ன முகங்கள் எதுவும் செய்யாமலே லேசாகக் கலைவது இதனால்தான்.

சுருக்கிய படத்தின்மேல் தாறுமாறான புள்ளிகளாக இரைச்சலைத் தூவி, பிறகு அதை நீக்கி நீக்கிப் படத்தை மீட்கிறது. இரைச்சலில் முதலில் அழிவது நுணுக்கம். தலை எங்கே, தோள் எங்கே என்பது தப்பிப் பிழைக்கும். ஒரு பக்கம் தூக்கிய புருவம், முன்பல் இடைவெளி, மச்சம் எல்லாம் போய்விடும். ஒருவரை அவராகக் காட்டுவதே அவைதானே! காலியான இடத்தைத் தான் கற்ற ஆயிரமாயிரம் முகங்களை வைத்து நிரப்புகிறது. அதனால் தோல் வழுவழுப்பாகும், இரண்டு கண்ணும் ஒரே அளவாகும். ஒவ்வொரு முறையும் முந்தைய விடையையே திரும்பக் கொடுத்தால் விலகல் கூடிக்கொண்டே போகும். எப்போதும் அசல் ஸ்கேனிலிருந்தே தொடங்குங்கள்.

எவ்வளவு இரைச்சல் என்பதைச் சொல்வதுதான் Denoising strength. இரைச்சலை நீக்கும் படிகளை 20 என்று வைத்து 0.3 கொடுத்தால், ஏறக்குறைய கடைசி 6 படிகள் மட்டும் ஓடும்; உருவம் பெரும்பாலும் தங்கும். 0.7 என்றால் 14 படி, முகம் வேறு ஆளுடையது.

உங்கள் படத்தைப் போன்ற ஒன்றைச் சொல்கிறேன். சட்டையில் தொடங்கிய விரிசல் கன்னம் வரை ஏறியிருந்தது. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் செய்யவில்லை. முதலில் சட்டைக்கு மட்டும் மாஸ்க், strength 0.6. தாடைக் கோடு மாஸ்க்குக்கு வெளியே இருக்க வேண்டும். மாஸ்க்கின் ஓரத்தை மங்கலாக்கும் Mask blur 4 போதும், கூட்டினால் ஓரம் கசிந்து தாடையைத் தொட்டுவிடும்.

அப்புறம் கன்னம். பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 0.3 வைத்தால் விரிசல் போகாது, ஏனென்றால் குறைந்த strength விரிசலையும் அசலின் பகுதியாகவே காப்பாற்றும். உடனே 0.6-க்கு ஏற்றினால் முகம் போச்சு. நான் முதலில், பக்கத்துத் தோலை நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்பால் விரிசலைக் கையாலேயே மூடிவிடுவேன், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு அந்தப் பட்டைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, 0.25-ல் ஓடவிட்டால் ஒட்டுப்போட்ட தடம் தோலோடு கலந்துவிடும். கண், வாயோரம், மச்சம் மூன்றும் மாஸ்க்கில் படக்கூடாது. Only masked தேர்வு செய்தால், அந்தச் சின்ன இடத்தை மட்டும் பெரிதாக்கி வேலை செய்து திரும்ப ஒட்டும். முன்பு சொன்ன கட்டப் பஞ்சம் அங்கே தீரும். முகத்தைச் சீராக்கும் GFPGAN, CodeFormer இரண்டையும் அணைத்து வையுங்கள், அவையும் முகத்தை வரைகிறவைதான்.

மாஸ்க்குக்கு வெளியே ஒன்றும் மாறாது என்று நம்பிவிடாதீர்கள். சில நிரல்கள் அசல் பிக்சலைத் திரும்ப ஒட்டாமல், சுருக்கி விரித்த படத்தையே கொடுத்துவிடும். அதனால் விடையை அசலுக்கு மேல் ஒரு லேயராக வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் Difference-க்கு மாற்றிப் பார்ப்பேன். மாறாத இடம் முழுக்கக் கருப்பாகத் தெரியும். கண்ணருகே சாம்பல் படிந்திருந்தால், லேயர் மாஸ்க் போட்டு அங்கே அசலையே வெளியே கொண்டுவருவேன். மாஸ்க் போட வழியில்லாத, எழுதிச் சொன்னால் மாற்றித் தரும் கருவி என்றாலும் இதே வழிதான்: சட்டையை மட்டும் அதிலிருந்து எடுங்கள். படம் ஓரிரு பிக்சல் நகர்ந்திருக்கலாம், முதலில் பொருத்திக்கொள்ளுங்கள்.

விரிசல் கண்ணையே தின்றிருந்தால் எந்த அமைப்பும் உதவாது. அங்கே ஏஐ கொடுப்பது யாரோ ஒருவருடைய கண். ஏறக்குறைய அதே வயதில், அதே கோணத்தில் அப்பா இருக்கும் இன்னொரு போட்டோ வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள்.