யார் செய்வார்? நோட்டீஸ் வாக்கியங்கள் குறித்த கேள்வி பதில்

வேலூர், குடியாத்தம், ஆற்காடு வட்டாரத்துத் தொண்டு அமைப்புகளுக்கு முகாம் நோட்டீஸும் நன்கொடைக் கடிதமும் எழுதிக் கொடுத்து வருகிறேன். செய்பவரை எழுவாயாக வைத்து எழுதும் செய்வினை வாக்கியம் பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்றவரை இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு தன்னார்வலர்: சர்க்கரை நோயாளிகளுக்கான கண் முகாம் நோட்டீஸ் இது. போன முறை ஆயிரம் நோட்டீஸ் கொடுத்தும் கூட்டம் வரவில்லை. எங்கே தவறு? "முகாமில் தகுதி வாய்ந்த மருத்துவக் குழுவினரால் விழித்திரைப் பரிசோதனை மேற்கொள்ளப்படும். தேவைப்படுவோருக்கு மேல்சிகிச்சைக்கான ஏற்பாடுகள் செய்து தரப்படும். பொதுமக்கள் இந்த அரிய வாய்ப்பினைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

கூட்டம் வராததற்கு நோட்டீஸ் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் படிக்கும் ஒரு பீடித் தொழிலாளி என்ன தெரிந்துகொள்வார் என்று பாருங்கள். மூன்று வாக்கியங்களிலும் ஓர் ஆள்கூட இல்லை. 'குழுவினரால்' என்று ஒரு சொல் இருந்தாலும் அங்கே முகம் இல்லை. 'மேற்கொள்ளப்படும்' என்பதைக் கேட்டு யாரும் எதையும் கண்ணால் காண முடியாது. கண்ணில் சொட்டு மருந்து விடுவதைக் காணலாம், விளக்கை அடித்துப் பார்ப்பதைக் காணலாம்.

ஒவ்வொரு வாக்கியத்தின் அருகிலும் இரண்டு கேள்விகளை எழுதுங்கள்: யார் செய்வார்? கையால் என்ன செய்வார்? முதல் வாக்கியத்துக்கு, "கண் மருத்துவர் உங்கள் விழித்திரையைப் பார்ப்பார்" என்ற பதில் வரும். வருபவர் மருத்துவர்தானா, பயிற்சி பெற்ற உதவியாளரா என்று கேட்டு, உள்ளதை எழுதுங்கள். விழித்திரையைப் பார்க்கக் கண்மணியை விரிக்கும் மருந்து விடுவார்கள். அதன் பிறகு நான்கைந்து மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். உங்கள் நோட்டீஸில் இது இல்லை. தெரியாமல் இருசக்கர வண்டியில் வந்தவர் எப்படித் திரும்பிப் போவார்? அவர் அடுத்த முறை வர மாட்டார், பக்கத்து வீட்டாரையும் வர விடமாட்டார்.

மூன்றாம் வாக்கியத்தின் ஆறு சொற்களும் 'வாருங்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கும். 'இலவசம்' என்பதைவிட 'பணம் வாங்க மாட்டோம்' என்பதை மக்கள் எளிதாக நம்புகிறார்கள் என்பது என் அனுபவம். சொன்னவர் யார் என்பது அந்த 'ஓம்' விகுதியிலேயே இருக்கிறது. பிறகு பணம் கேட்டால் யாரைப் பிடிப்பது என்று தெரியும்.

இரண்டாம் வாக்கியத்தை நான் மாற்றித் தர முடியாது. சிகிச்சை தேவைப்படுபவரை யார், என்றைக்கு, எதில், எங்கே அழைத்துப் போவார்கள்? முதலில் கேட்டு வாருங்கள்.

அதே தன்னார்வலர், இரண்டு நாள் கழித்து: கேட்டேன். மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்று எங்கள் தலைவர் நினைத்திருந்தார். நாங்கள் அழைத்து வருவோம் என்று மருத்துவமனை நினைத்திருந்தது. யாரும் வேன் ஏற்பாடு செய்யவில்லை.

'செய்து தரப்படும்' என்று எழுதும்போது இந்த ஓட்டை யார் கண்ணிலும் படாது, எழுதியவர் கண்ணிலும் படாது. 'அழைத்துச் செல்வோம்' என்று எழுதப் போனால் பேனா நின்றுவிடும். வாக்கியத்தைத் திருப்பியும் எழுவாய் கிடைக்கவில்லையென்றால், குறை வேலையில் இருக்கிறது. சொல்லை மாற்றி மூடிவிடாதீர்கள். இப்போது வேன் பேசிவிட்டீர்களென்றால் இப்படி எழுதலாம்:

"சர்க்கரை நோய் உள்ளவரா? ஞாயிறு காலை 9 மணிக்குப் பள்ளிக்கு வாருங்கள். கண் மருத்துவர் உங்கள் விழித்திரையைப் பார்ப்பார். பணம் வாங்க மாட்டோம். கண்ணில் மருந்து விடுவதால் நான்கைந்து மணி நேரம் பார்வை மங்கும். வண்டி ஓட்டி வராதீர்கள்; துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். சிகிச்சை தேவைப்பட்டால், செவ்வாய் காலை 7 மணிக்குக் குடியாத்தம் பஸ் நிலையத்திலிருந்து எங்கள் வேனில் வேலூருக்கு அழைத்துச் செல்வோம்."

மொத்த நோட்டீஸ் சற்று நீண்டுவிட்டது, அதை மறைக்கவில்லை. குறுகியவை வாக்கியங்கள். கூடிய இடத்தில் மணியும் கிழமையும் வேனும் உட்கார்ந்திருக்கின்றன.

காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: 'மேற்கொள்ளப்படும்' என்பது போல வினையில் 'படு' வந்தாலே தவறு என்று புரிந்துகொண்டு எங்கள் ரத்ததான நோட்டீஸில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். "முகாம் நடைபெறும், பரிசோதனை நடக்கும், சான்றிதழ் கிடைக்கும்." இப்போது சரிதானே?

பாதி சரி. 'படு' போய்விட்டது, ஆனால் ஆள் இன்னும் வரவில்லை. நடக்கும், கிடைக்கும், ஏற்படும் எல்லாம் தானாக நிகழ்வதைச் சொல்லும் வினைகள். மழை பெய்யும் என்பது போல முகாமும் நடக்கும். சில இடங்களில் இது போதும்: "கதவு 9 மணிக்குத் திறக்கும்" என்றால் திறப்பவர் யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் ரத்தம் கொடுக்க வருபவருக்கு ஊசியைப் பற்றித்தான் பயம். "செவிலியர் முதலில் உங்கள் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நீங்கள் ரத்தம் கொடுக்கலாமா என்று பார்ப்பார்" என்று எழுதினால் அவருக்கு முன்கூட்டியே அந்த அறை தெரியும். உங்கள் முகாமில் அப்படித்தான் செய்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

எல்லா 'படு'வும் களை அல்ல. "1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் கொல்லப்பட்ட சிப்பாய்கள்" என்ற தொடரில் நாம் சிப்பாய்களைப் பற்றிப் பேசுகிறோம். அங்கே 'கொல்லப்பட்ட' என்பதே சரி. வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்பதையும் திருப்ப வேண்டாம். பட்டவர் மேல் கவனம் இருக்க வேண்டிய இடம் அது.

ஆம்பூரிலிருந்து ஒரு பெரியவர்: வாருங்கள், தாருங்கள் என்று ஏவுவது மரியாதைக் குறைவு அல்லவா? முன்பின் தெரியாதவர்களுக்கு 'கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' என்று எழுதுவதுதானே பண்பு?

ஐயா, செய்வினை வேறு, ஏவல் வேறு. செய்வினையில் எழுத ஏவ வேண்டும் என்பதில்லை. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். "தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்த அன்புடன் அழைக்கிறோம்" என்றுதான் அச்சடிக்கிறோம். 'அழைக்கப்படுகிறீர்கள்' என்று எந்தப் பெண்வீட்டாரும் அச்சடிப்பதில்லை. சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். அழைப்பவர் தன்னைக் காட்டிக்கொள்வதே மரியாதை. 'கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' வரி பாக்கி அறிவிப்பில் வரும் சொல், அந்த வாடை அதில் ஒட்டியிருக்கிறது.

கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர்: எங்கள் ஏரிக்கு நன்கொடை கேட்டு எழுதினோம். "ஏரி தூர்வாரப்பட்டது, 200 மரக்கன்றுகள் நடப்பட்டன, விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது." சென்னையில் இருக்கும் எங்கள் ஊர்க்காரரே, 'இதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டுவிட்டார். இப்போது 'தூர்வாரினோம், நட்டோம், ஏற்படுத்தினோம்' என்று மாற்றிவிட்டேன்.

ஊர்க்காரர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். உங்களுக்கு நான் மூன்று கேள்விகள் எழுதினேன், பதிலும் அனுப்பினீர்கள். பொக்லைன் யாருடையது என்று கேட்டதற்கு, ஒன்றிய அலுவலகம் அனுப்பியது, டீசலுக்கு மட்டும் நாங்கள் கொடுத்தோம் என்றீர்கள். அப்படியானால் 'தூர்வாரினோம்' பொய்யாகிவிடும். செய்வினையின் ஆபத்து இதுதான்: பிறர் வேலையும் எளிதாக நம் கணக்கில் ஏறிவிடும். "ஒன்றிய அலுவலகம் பொக்லைன் அனுப்பியது, ஆறு நாள் டீசலுக்கு நாங்கள் பணம் கொடுத்தோம், அள்ளிய வண்டலை விவசாயிகள் டிராக்டரில் தங்கள் நிலத்துக்கு ஏற்றிச் சென்றார்கள்." மூவரும் தத்தம் வேலையோடு நிற்கிறார்கள். இங்கே உங்கள் பங்கு சிறியதாகத் தெரிகிறது. சிறியதாக இருப்பதாலேயே சென்னைக்காரர் நம்புவார்.

200 கன்றுகளில் இன்று எத்தனை நிற்கின்றன என்று கேட்டேன். 130 என்றீர்கள். 'நடப்பட்டன' என்பது நட்ட நாளோடு முடிந்துவிடும். "200 நட்டோம், ஆடு மேய்ந்தும் வெயிலில் காய்ந்தும் 70 போயின, மீதி 130க்கு வாரம் இரண்டு முறை குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம்" என்று எழுதுங்கள். வேலூர் வெயிலை அறிந்த எவரும் 200க்கு 200 பிழைத்தது என்றால் நம்ப மாட்டார்.

'விழிப்புணர்வு ஏற்படுத்தினோம்' என்பது இலக்கணப்படி செய்வினைதான். ஆனால் அதைச் செய்துகாட்டச் சொன்னால் யாராலும் முடியாது. வீடு வீடாகப் போய்க் குப்பையை ஏரியில் கொட்ட வேண்டாம் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியையே போடுங்கள். மேற்கொள், ஏற்படுத்து, செயல்படுத்து, வழங்கு ஆகியவை பெயர்ச்சொல்லை முதுகில் சுமந்து வரும் வினைகள். சுமையை இறக்கிவிட்டால் உள்ளேயே உண்மையான வினை இருக்கும்: ஆய்வு மேற்கொண்டோம் என்பதில் அளந்தோம், எண்ணினோம், கேட்டோம் என ஏதாவது ஒன்று.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஆற்காடு: 'படு' சங்கப் பாடல்களிலேயே உண்டு. செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்வதைத் தொல்காப்பியம் வழக்கியல் மரபு என்றே ஏற்கிறது. 'திண்ணை மெழுகிற்று' என்பார்கள் உரைகாரர்கள். திண்ணை தானாக மெழுகிக்கொள்ளுமா? மெழுகியவரைச் சொல்லாததைத் தமிழ் குறையாகக் கருதவில்லை. நீங்கள் கருதுகிறீர்கள்.

வணக்கம் ஐயா. மரபைப் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். 'திண்ணை மெழுகிற்று' அழகான வாக்கியம், இரண்டே சொல். அந்த வீட்டில் மெழுகுவது யார் என்று கேட்பவருக்கும் தெரியும், அதனால் சொல்லத் தேவையில்லை. நோட்டீஸைப் படிப்பவர் அந்த வீட்டுக்காரர் அல்லர். மெழுகியவரை அவருக்குத் தெரியாது, திண்ணையையும் பார்த்ததில்லை.

அலுவலகத் தமிழில் 'படு' இவ்வளவு பெருகியது ஆங்கில ஆணைகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் என்பது என் எண்ணம். நீங்கள் முன்பே இதை மறுத்திருக்கிறீர்கள், இப்போதும் மறுப்பீர்கள். நேரில் பேசுவோம்.

அணைக்கட்டு அருகிலிருந்து ஒரு செவிலியர்: ஒரு மாத்திரை நிறுவனம் கடைசி நாளில் கைவிரித்ததால் எங்கள் முகாமைத் தள்ளிவைத்தோம். "தவிர்க்க முடியாத காரணங்களால் ஒத்திவைக்கப்படுகிறது" என்று பலகை வைத்தோம். செய்வினை என்றால் அந்த நிறுவனத்தின் பெயரை எழுத வேண்டுமா?

இதே நிலையில் நான் ஒருமுறை இருந்திருக்கிறேன். மருந்து தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் தரவில்லை. நானும் இதே பலகையை எழுதினேன். காலையில் மலையடிவாரத்திலிருந்து நடந்து வந்த ஒரு பாட்டி பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்போ யாரும் வரமாட்டீங்களா?" என்று என்னைத்தான் கேட்டார். அன்றிலிருந்து 'தவிர்க்க முடியாத காரணங்கள்' என்று நான் எழுதுவதில்லை. "மாத்திரை வந்து சேரவில்லை. முகாமை அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். இன்று வந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் மட்டும் பார்க்கிறோம்" என்று எழுதலாம். வராதது மாத்திரை, தள்ளிவைத்தது நாங்கள்.

நிறுவனத்தின் பெயரை எழுதுவதா என்பதில் எங்கள் குழுவிலேயே இரண்டு கருத்து இருக்கிறது. பலகையில் பெயர் போட்டால் அவர்கள் மீண்டும் மருந்து தர மாட்டார்கள், அதனால் நோயாளிதான் பாதிக்கப்படுவார் என்பது ஒரு பக்கம். பெயரை மறைத்தால் அடுத்த ஊரிலும் இதையே செய்வார்கள் என்பது மறுபக்கம். நான் இதுவரை பெயர் எழுதியதில்லை. உங்கள் முகாமில் அன்று எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.