காலி கிரவுண்டில் ஃபுட்பால் கோச்சிங்: கணக்கை நோட்டில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்

கேள்வி: வியாசர்பாடியில எங்க ஏரியா காலி கிரவுண்டில் 8 முதல் 12 வயசுப் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தரலாம்னு இருக்கேன். ஃபீஸ் வாங்கலாமா, எவ்வளவு? அடிபட்டு, பெத்தவங்க சண்டைக்கு வந்தா என்ன பண்றது?

வாங்குங்கள். "சேவைன்னு சொல்லிட்டு காசு கேக்குறான்" என்று இங்கேயே ஒருவர் கமெண்ட் போடுவார். பந்து என்ன விலை என்று அவரையே கேளுங்கள்.

20 பிள்ளைகள், வாரம் 3 நாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கு ஒரு பந்து வேண்டும், இல்லையென்றால் பாதி நேரம் வரிசையில்தான் நிற்பார்கள். இந்த வயதுக்கு 4-ஆம் நம்பர் பந்து. சுமாரானது 500 ரூபாய் என்றால் 10 பந்துக்கு 5,000. ஜல்லியும் கல்லும் கிடக்கிற தரையில் 4 மாதத்துக்கு மேல் தையல் தாங்காது என்று எண்ணிக்கொள்ளுங்கள், மாதம் 1,250. தண்ணீர் கேன், பஞ்சு, பேண்டேஜ், ஐஸ், கோன், பம்ப் ஊசி எல்லாம் சேர்த்து இன்னொரு 750. ஆக 2,000. 20 பேரில் 5 பேரால் கட்ட முடியாது என்று முதலிலேயே கழித்துவிடுங்கள். மீதி 15 பேருக்கு ஆளுக்கு 133 வரும். 150 வைத்தால் கையைக் கடிக்காது. உங்களுக்கு மாதம் 4,000 சம்பளமும் வேண்டுமென்றால் அதுவே 400 ஆகிவிடும். அது தப்பில்லை, ஆனால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 150 என்று ஆரம்பித்து மூன்றாம் மாதம் ஏற்றினால்தான் பேச்சு கிளம்பும்.

நம்ம பக்கம் பலருக்கு வாரக் கூலி. மாத முதல் தேதியில் 150 கேட்டால் இருக்காது. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் 40 கேட்டால் கொடுப்பார்கள். பெரியவர்கள் கையிலிருந்தே வாங்குங்கள், பிள்ளையிடம் கொடுத்தனுப்பச் சொல்லாதீர்கள். கட்டாத பிள்ளையை வெளியே உட்கார வைக்கவே கூடாது. மாதக் கடைசியில் வரவு செலவு நோட்டைப் படமெடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். யார் கட்டவில்லை என்ற பக்கத்தைப் போடாதீர்கள்.

கேட்காததைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் செயற்கைப் புல் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். அது நடந்திருந்தால் மாதம் 12 வகுப்புக்கு ஒரு பிள்ளைக்கு 1,440. அதை யோசித்தவர்கள் வாரக் கூலி வாங்கும் வீட்டைப் பார்த்ததே இல்லை போல.

சரி, தரைக்கு வருவோம். இடம் தனியாருடையது என்றால், "எந்த உரிமையும் கோர மாட்டோம், கேட்ட அன்றே காலி செய்வோம்" என்று எழுதிக் கொடுங்கள். உரிமையாளரின் பயமே இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்பதுதான். தினமும் ஆட்டத்துக்கு முன் பெரியவர்கள் கை எட்டும் இடைவெளியில் வரிசையாக நின்று ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க வேண்டும். பாட்டில் கண்ணாடி, ஆணி, கட்டட இடிபாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். மழைக்கு மறுநாள் இரண்டு முறை நடங்கள், மண் கரைந்து புதைந்தது மேலே வந்திருக்கும். ஊசி கிடந்தால் பிள்ளைகளை எடுக்க விடாதீர்கள்.

கோலுக்குச் செங்கல் வைப்பது நம் ஊர் வழக்கம். தடுக்கி விழும் பிள்ளையின் தலை அதில்தான் போய் மோதும். கால்வாசி மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில் போதும். இரும்புக் கோல் போஸ்ட் இருந்தால் பின்கம்பியில் மணல் மூட்டை போட்டு அழுத்துங்கள், யாரையும் தொங்க விடாதீர்கள். அது கவிழ்ந்து பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். தலையால் முட்டும் பயிற்சியும் இந்த வயதில் வேண்டாம். இங்கிலாந்திலேயே தொடக்கப் பள்ளி வயதினருக்கு 2020-இல் அதை நிறுத்திவிட்டார்கள். தலையில் அடிபட்டவன் "ஒண்ணுமில்ல சார்" என்றாலும் அன்றைக்கு ஆடக் கூடாது. வாந்தி, தூக்கக் கலக்கம், கேட்டதையே திரும்பக் கேட்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு.

சண்டை பெரும்பாலும் அடிபட்டதால் வருவதில்லை, அதை மறைத்ததால் வருகிறது. முட்டி தேய்ந்தால்கூடப் பிள்ளை வீடு போய்ச் சேரும் முன் அம்மாவுக்குப் போன் போய்விட வேண்டும். கிரவுண்டில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். இரண்டாமவர் முறை வைத்து வரும் ஒரு பெற்றோராக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பிள்ளையை மட்டும் பைக்கில் ஏற்றிப் போகாதீர்கள், பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் போடாதீர்கள். "என்மேல சந்தேகமா?" என்று கோபம் வரும். யார்மேலும் சந்தேகமில்லாவிட்டாலும் விதி எல்லோருக்கும்தான். யாராவது தப்பாகத் தொட்டதாகப் பிள்ளை சொன்னால் போக்சோ சட்டப்படி போலீசில் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவிக்கான 1098 நம்பரைக் குழுவின் முகப்பிலேயே எழுதி வையுங்கள்.

முடிக்கிற நேரத்தையும் எழுதிப் போடுங்கள். நவம்பரில் 5:40 வாக்கில் சூரியன் இறங்கிவிடும், விளக்கில்லாத கிரவுண்டில் 5:30-க்கே நிறுத்துங்கள். பள்ளி விட்டு அதற்குள் வர முடியாதவர்களுக்கு ஞாயிறு காலை 6:30.