பிராம்ப்டர் பார்த்துப் பேசினாலும் படிப்பது போல் தெரியாமல் இருக்க

கேள்வி: யூட்யூபுக்கு வீடியோ எடுக்கிறேன். போனில் டெலிப்ராம்ப்டர் ஆப் வைத்துப் பேசினால் "படிக்கிற மாதிரியே இருக்கு" என்கிறார்கள். துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டால் திணறுகிறேன். இயல்பாக வர என்ன செய்வது?

நான் ஒரு தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சியில் பல வருடம் பிராம்ப்டர் ஓட்டியவன். செய்தி வாசிப்பவரின் கண்ணுக்கு முன்னால் எழுத்தை நகர்த்துகிற வேலை. அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக மனம் வரவில்லை.

நீங்கள் தனியாக, ஸ்டாண்டில் போனை மாட்டி, முன்பக்கக் கேமராவில் எடுக்கிறீர்கள், பேச வேண்டியதைக் கட்டுரை போல எழுதி ஆப்பில் ஒட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆப்பை மாற்றுவதற்கு முன்னால் அந்த எழுத்தைத்தான் மாற்ற வேண்டும்.

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. செய்ய வேண்டுமா, கூடாதா, செய்தார்களா இல்லையா என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் தெரியும். நேரில் பேசுகிறவருக்கு அந்தக் கடைசிச் சொல் தொடங்கும்போதே மனதில் இருக்கும், அதற்கேற்ப குரல் ஏறி இறங்கும். பிராம்ப்டரில் நீளமான வாக்கியம் ஓடும்போது அந்தச் சொல் இன்னும் திரைக்குக் கீழே இருக்கிறது. எங்கே போய் முடியும் என்று தெரியாததால் எல்லாச் சொல்லையும் ஒரே கனத்தில் சொல்லிக்கொண்டே போவோம். அதைத்தான் உங்கள் பார்வையாளர்கள் "படிக்கிற மாதிரி" என்கிறார்கள்.

ஒரு முறை குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி விழிப்புணர்வுப் பதிவு எடுக்க ஒரு டாக்டரம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். மருத்துவமனையில் தாய்மார்களிடம் நாள் முழுக்கப் பேசுகிறவர். கேமரா முன் உட்கார்ந்ததும் பாடப்புத்தகம் ஒப்பிக்கிற குரல் வந்துவிட்டது. அவருக்குக் கொடுத்திருந்த ஸ்கிரிப்டின் முதல் வாக்கியம் இப்படி இருந்தது: "வயிற்றுப்போக்கினால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு, உடலிலிருந்து வெளியேறும் நீர் மற்றும் உப்புச் சத்துகளை ஈடுசெய்யும் வகையில், கொதிக்கவைத்து ஆறவைத்த ஒரு லிட்டர் குடிநீரில் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கலந்து, சிறிது சிறிதாக வழங்கப்பட வேண்டும்." மூன்று டேக் போயிற்று. ஒவ்வொரு முறையும் "வகையில்" என்ற இடத்தில் மூச்சு முட்டியது.

நான் தயாரிப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போய், "மேடம், என் பிள்ளைக்கு வயிற்றால போகுது, என்ன செய்யட்டும்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். போனில் ரெக்கார்ட் போட்டிருந்தேன். படபடவென்று சொன்னார். அதைக் கேட்டு, அவர் நிறுத்தின இடத்திலெல்லாம் வரியை உடைத்து, பிராம்ப்டரில் ஏற்றினேன்:

குழந்தைக்கு வயிற்றால போகுதா?
உடம்புல இருக்கிற தண்ணியும் உப்பும்
சேர்ந்து வெளியே போயிடுது.
அதைத் திரும்பக் கொடுக்கணும்.
ஒரு லிட்டர் தண்ணி எடுங்க.
காய்ச்சி ஆறின தண்ணி.
ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்.
முழு பாக்கெட்டையும் போடுங்க.
பாதி போட்டு மீதியை வைக்காதீங்க.

அடுத்த டேக்கே ஓகே ஆனது. எழுதியவர் விட்டுவிட்ட ஒன்றும் அதில் வந்து சேர்ந்தது. பாக்கெட்டைப் பாதி பாதியாகக் கலக்கக் கூடாது என்பதை டாக்டர் தாய்மார்களிடம் தினமும் சொல்கிறார். ஸ்கிரிப்டில் அது இல்லை.

நீங்களும் இதையே செய்யலாம். எழுதுவதற்கு முன்னால் விஷயத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லி ரெக்கார்ட் செய்யுங்கள். அந்தப் பேச்சை எழுத்தாக்கி, அதில் தேவையில்லாததை வெட்டினால் அதுதான் ஸ்கிரிப்ட். ஒரு வரியில் ஒரு மூச்சு. எண்ணும் அதன் அளவும் ஒரே வரியில் இருக்க வேண்டும். "ஒரு" மேல் வரியிலும் "லிட்டர்" கீழ் வரியிலும் போனால் குரல் அங்கே தடுக்கும். பேச்சுத் தமிழை அப்படியே ஒலிக்கிறபடி எழுதினாலும் சிக்கல் வரும். "வவுத்தால", "குடுக்கோணும்" என்றெல்லாம் எழுதினால் கண்ணுக்குப் பழக்கமில்லாத உருவம், படிக்க நேரம் எடுக்கும். சொல்லின் முன்பகுதியைப் பழகிய எழுத்திலேயே விட்டுவிட்டு, முடிவை மட்டும் பேச்சுக்குக் கொண்டு வந்தால் போதும்: "கொடுக்கணும்", "இருக்கிற", "எடுங்க". வாய் தானாகத் தன் ஊர் உச்சரிப்பைப் போட்டுக்கொள்ளும்.

பேச்சு நடையில் எழுதினால் தரம் குறைந்துவிடும் என்று சொல்ல இங்கே சிலர் வருவார்கள் என்று தெரியும். செய்தி அறிக்கைக்கு எழுத்து நடையே சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் எதிரே இருப்பதாக நினைத்துப் பேசுகிற வீடியோவில் "வழங்கப்பட வேண்டும்" என்று யாரும் பேசுவதில்லை.

அடுத்தது ஓட்டம். ஆப்பில் ஒரு வேகத்தை வைத்துவிட்டால் அது அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் பின்னாலேயே ஓடுவீர்கள். எங்கள் வேலையில் முதல் பாடமே வாசிப்பவர்தான் முன்னால் போவார், எழுத்து பின்னால் வரும் என்பது. அவர் மூச்சு வாங்க நின்றால் என் கையும் நிற்கும். படிக்கிற வரி திரையின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இடத்தில் நிற்க வேண்டும், அதற்குக் கீழே அடுத்த வரிகள் தெரிய வேண்டும். கண் எப்போதும் வாய்க்குச் சற்று முன்னால் ஓடும். வாக்கியத்தின் வினைச்சொல் கண்ணில் பட்டுவிட்டால் குரல் தானாகச் சரியாகும். தனியாக எடுக்கிறவர் ப்ளூடூத் ரிமோட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு தானே நகர்த்தலாம். அல்லது தம்பியோ தங்கையோ பக்கத்தில் இருந்து நகர்த்தட்டும், அதுவே மேல். நிமிடத்துக்கு இத்தனை வார்த்தை என்று ஆங்கில வீடியோக்களில் சொல்லும் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளமாக வருபவை, அந்த எண்ணிக்கை பொருந்தாது.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புல்லட்டின் நன்றாகப் போனால் ஆங்கருக்குப் பாராட்டு, தடுமாறினால் "பிராம்ப்டர் சரியா ஓட்டலை" என்று பி.சி.ஆர். என்கிற கட்டுப்பாட்டு அறையில் இருந்து சத்தம் வரும். கடைசி நிமிடத்தில் காப்பி டெஸ்க் ஆங்கில ஏஜென்சி செய்தியை ஒரே வாக்கியமாக மொழிபெயர்த்து அனுப்பியிருப்பார்கள், அதை யாரும் கேட்க மாட்டார்கள். நான் இருந்த இடத்தில் அதிகாலை புல்லட்டினுக்கு வாசிப்பவரை அழைத்துவர வண்டி உண்டு. அதே நேரத்துக்கு வர வேண்டிய எங்களுக்குக் கிடையாது. கேட்டபோது "டெக்னிக்கல் ஸ்டாஃப் லிஸ்டில் நீங்க இல்லை" என்றார்கள். எந்த லிஸ்டில் இருக்கிறோம் என்று கடைசி வரை சொல்லவில்லை. இன்றும் பல இடங்களில் இதே நிலைமை என்று கேள்விப்படும்போது கோபம் வருகிறது.

சரி, கண்ணுக்கு வருகிறேன். ஸ்டூடியோவில் லென்ஸுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். கீழே படுத்திருக்கும் திரையில் எழுத்து இடம் வலம் மாறி ஓடும், கண்ணாடியில் நேராகத் தெரியும். வாசிப்பவர் எழுத்தைப் பார்க்கும்போதே லென்ஸையும் பார்க்கிறார். அது இருந்தும் கேமராவைக் கிட்டே வைத்தால் கருவிழி இடமும் வலமுமாக அலைவது தெரிந்துவிடும். கணக்கு எளிது. எழுத்துப் பத்தி 6 செ.மீ. அகலம், நீங்கள் அரை மீட்டரில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் கண் சுமார் 7 டிகிரி திரும்ப வேண்டும். அதே பத்தியை 2 மீட்டரில் இருந்து பார்த்தால் 2 டிகிரிக்கும் கீழே. ஆனால் அவ்வளவு தூரத்தில் போன் எழுத்து தெரியாது. பெரிய எழுத்து வேண்டும் என்றால் ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்கள்தான் வரும், அதற்கு டேப்லெட்டும் ஒரு சாதாரணக் கண்ணாடிச் சட்டமும் வாங்கி, பின்பக்கக் கேமராவில் ஜூம் செய்து எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு இப்போது வேண்டாம் என்றால், போனை நிமிர்த்தி வைத்து, பத்தியை ஒடுக்கி, எழுத்தை முன்பக்கக் கேமராவுக்கு நேர் கீழே உள்ள நாலைந்து வரிகளில் மட்டும் ஓட விடுங்கள். கண் சற்றுக் கீழே போவது பார்ப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது, பக்கவாட்டில் போவதுதான் உடனே தெரியும். போனைப் படுக்க வைத்து எடுக்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கேமரா ஒரு ஓரத்துக்குப் போய்விடுகிறது.

எடுத்து முடித்ததும் ஒரு முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண் அலைகிறதா, இமைக்காமல் வெறித்துப் பார்க்கிறதா என்று தெரியும். அலைந்தால் பத்தியை ஒடுக்குங்கள், வெறித்தால் ஓட்டத்தைக் குறையுங்கள். அப்புறம் படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரே சுருதியில் போய் இறங்கினால் வரி உடைத்த இடம் தவறு. அங்கே போய் மாற்றி உடையுங்கள்.

துண்டுச் சீட்டில் ஏன் திணறுகிறீர்கள் என்றும் ஊகிக்க முடிகிறது: அதிலும் முழு வாக்கியம் எழுதுகிறீர்கள். கையளவு அட்டையில் வாக்கியத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் பேச்சு அறுந்துவிடும். அதே டாக்டர் இரண்டாம் பகுதியில் கேள்விகளுக்குப் பதில் சொன்னார், அங்கே பிராம்ப்டர் கிடையாது. லென்ஸுக்கு நேர் கீழே ஒரு வெள்ளை அட்டையை ஒட்டினோம். அதில் இருந்தது இவ்வளவுதான்: "கரைசல் – 24 மணி நேரம்", "ஜிங்க் – 14 நாள், நின்னாலும்", "2–6 மாதக் குழந்தை 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி." மறந்தாலோ மாற்றிச் சொன்னாலோ தவறாகப் போகிற எண்கள் மட்டும் அட்டையில். கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது, வயிற்றுப்போக்கு நின்றாலும் ஜிங்க் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை அவர் தன் வார்த்தையில் சொல்லிக்கொண்டார். உங்கள் அட்டையில் எண், பெயர், தேதி இவற்றோடு கடைசி வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பலர் நன்றாகப் பேசிவிட்டு எப்படி முடிப்பது என்று தெரியாமல்தான் இழுக்கிறார்கள்.

பார்த்துப் பேசுவதே ஏமாற்று வேலை என்று எழுதப் போகிறவர்களுக்கு: 1993 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் கிளிண்டன் நாடாளுமன்றத்தில் மருத்துவக் காப்பீடு பற்றிப் பேச எழுந்தபோது பிராம்ப்டரில் அவருடைய பழைய உரை ஓடியது. சரியான உரை வந்து சேரும்வரை ஏறக்குறைய 7 நிமிடம் அவர் அது இல்லாமலே பேசினார். விஷயம் தெரிந்தவர் என்பதால் பேச முடிந்தது. அதே மனிதர்தான் பிராம்ப்டர் வைத்தும் பேசினார். அன்றும் அவரிடம் தாளில் அச்சிட்ட உரை இருந்தது. நீங்களும் ஸ்கிரிப்டை ஒரு தாளில் அச்சிட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போன் அழைப்பு வந்து ஆப் மூடிக்கொண்டால் தேவைப்படும்.