சென்ற ஆண்டுக் காணொளியும் இரண்டு நிறுவனச் சம்பளமும்

கேள்வி: சம்பளம் வாங்குபவர்கள் தாங்களே வருமான வரித் தாக்கல் செய்வது எப்படி என்று 2024-இல் வெளியான ஒரு காணொளி பார்த்தேன். நன்றாகவே புரிந்தது. அதை அப்படியே பின்பற்றி இந்த ஆண்டு நானே தாக்கல் செய்யலாமா? சென்ற அக்டோபரில் வேலை மாறினேன். இரண்டு நிறுவனங்களும் எனக்கு வரி பாக்கி இல்லை என்றுதான் தாள் கொடுத்திருக்கின்றன.

பதில்:

வருமான வரித் துறையின் தளத்தில் எப்படி நுழைவது, எந்தப் பக்கத்தில் எதைச் சரிபார்ப்பது, கடைசியில் எப்படி உறுதிசெய்வது என்பதற்கு அந்தக் காணொளியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதில் சொல்லப்படும் தொகை, விகிதம், தேதி ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை மாறியவருக்கு அதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்டு, செப்டம்பரில் என் மேசைக்கு வந்து கலங்கி நின்றவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போல ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்கள்தான்.

முதலில் ஆண்டுக் கணக்கு. இதை 2025 ஆகஸ்டு இறுதியில் எழுதுகிறேன். இப்போது நாம் தாக்கல் செய்வது 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்கு. அது நிதியாண்டு 2024-25. அதற்கான மதிப்பீட்டு ஆண்டு 2025-26. நீங்கள் பார்த்த காணொளி 2024-இல் வந்ததால் அது மதிப்பீட்டு ஆண்டு 2024-25-க்கு உரியது. எந்தக் காணொளியானாலும் அதன் திரையில் தெரியும் மதிப்பீட்டு ஆண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளியான தேதியை நம்பக் கூடாது, ஏனெனில் பழைய பதிவையே புதிய தலைப்பிட்டு மறுபடியும் ஏற்றுகிறவர்கள் உண்டு.

இந்த ஓர் ஆண்டு வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை உங்கள் கணக்கை ஒத்த ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டே பார்க்கலாம். ஒருவர் முதல் ஆறு மாதம் மாதம் 70,000 ரூபாயும், அக்டோபரிலிருந்து வேறொரு நிறுவனத்தில் மாதம் 80,000 ரூபாயும் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில் 4,20,000, இரண்டாவது இடத்தில் 4,80,000, மொத்தம் 9,00,000 ரூபாய். புதிய வரி முறையில் நிலையான கழிவு இந்த ஆண்டுக்கு 75,000. காணொளி வந்த ஆண்டில் அது 50,000. வரி அடுக்குகளும் மாறியிருக்கின்றன. இதே ஒன்பது லட்சத்துக்குச் செஸ்ஸையும் சேர்த்துக் காணொளியின் ஆண்டில் 41,600 ரூபாய் வரி வரும். இப்போது தாக்கல் செய்ய வேண்டிய ஆண்டுக்கு 33,800 ரூபாய். அடுத்த ஆண்டு, அதாவது 2025 ஏப்ரலுக்குப் பிறகு ஈட்டும் சம்பளத்துக்கு, ஒரு ரூபாயும் இல்லை. பன்னிரண்டு லட்சம் வரை வரியில்லை என்று 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது அந்த வருமானத்துக்குத்தான். அந்த அறிவிப்பை இந்த ஆண்டுத் தாக்கலுக்குப் பொருத்திக்கொண்டு, தமக்கு வரியே இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்களை நான் இந்தப் பருவத்தில் நிறையப் பார்க்கிறேன். நாம் இப்போது கணக்குக் காட்டும் வருமானத்துக்கு, கழிவு போக மீதி ஏழு லட்சம் வரை இருந்தால்தான் புதிய முறையில் முழுத் தள்ளுபடி.

இனி, இரண்டு நிறுவனங்களும் வரி பாக்கி இல்லை என்று எழுதியது எப்படி? ஒவ்வொருவரும் தம் கையில் உள்ள ஆறு மாதச் சம்பளத்தை மட்டும் ஆண்டு வருமானமாக வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். முதல் நிறுவனம் கொடுத்த தாளான படிவம் 16-இல் 4,20,000-இல் 75,000 கழித்து 3,45,000 என்று இருக்கும். தள்ளுபடிக்குப் பின் வரி பூஜ்யம். இரண்டாவது நிறுவனமும் 4,80,000-இல் அதே 75,000-ஐக் கழித்து 4,05,000 என்று காட்டும்; அங்கும் பூஜ்யம். ஆனால் வரி விலக்கு வரம்பு, நிலையான கழிவு, தள்ளுபடி ஆகிய மூன்றும் ஒரு மனிதருக்கு ஓர் ஆண்டில் ஒரு முறைதான் உண்டு. இரண்டு தாள்களிலும் தனித்தனியே எடுத்துக்கொண்டதால் இரண்டிலுமே வரி மறைந்துபோகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிலையான கழிவு என்ற வரியின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 75,000 இருந்தால் உங்களுக்குப் பாக்கி இருக்க வாய்ப்பு அதிகம்.

எடுத்துக்காட்டில் உள்ளவரின் முதல் நிறுவனம், அவர் ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பார் என்று கருதி 8,40,000 ரூபாய்க்குக் கணக்கிட்டு, ஆறு மாதத்தில் 13,780 ரூபாய் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டிவிட்டது என்று கொள்வோம். அந்தத் தாளை மட்டும் வைத்துத் தாக்கல் செய்தால் 13,780 ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்றே தளம் காட்டும். அந்தத் தொகையைப் பார்த்ததும் மனம் மகிழ்ந்து சமர்ப்பித்துவிடக் கூடாது. இரண்டு சம்பளத்தையும் சேர்த்து, 75,000-ஐ ஒரே ஒரு முறை கழித்தால் 8,25,000. மூன்று முதல் ஏழு லட்சம் வரை 5 விழுக்காடு என்பது 20,000. மீதமுள்ள 1,25,000-க்கு 10 விழுக்காடு 12,500. ஆக 32,500, அதன்மேல் 4 விழுக்காடு செஸ் 1,300. மொத்தம் 33,800-இல் பிடித்தம் 13,780 போக, அவர் கட்ட வேண்டியது 20,020 ரூபாய்.

பிடித்தம் போக வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால் அது முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டிய வரி என்று சட்டம் கருதுவதால் வட்டியும் சேரும். 234பி பிரிவின்படி ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு 1 விழுக்காடு. ஆகஸ்டில் கட்டினால் ஐந்து மாதத்துக்கு 1,000 ரூபாய். தவணைகளைத் தவறவிட்டதற்காக 234சி பிரிவின்படி 1,010 ரூபாய். ஆக மொத்தம் 22,030. இந்த வட்டியைத் தளமே கணக்கிட்டுக் காட்டும். நாம் செய்ய வேண்டியதெல்லாம் சம்பளத்தை முழுமையாகக் காட்டுவதுதான்.

அதில்தான் சிக்கல். நீங்கள் பயன்படுத்தப்போவது பெரும்பாலும் ஐ.டி.ஆர்-1, சஹஜ் என்ற படிவமாக இருக்கும்: இந்தியாவில் வசிப்பவர், மொத்த வருமானம் ஐம்பது லட்சத்துக்குள், சம்பளம், ஒரு வீடு, வங்கி வட்டி போன்றவை. அந்தப் படிவத்தில் மொத்தச் சம்பளத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. தளம் முன்கூட்டியே நிரப்பித் தரும் தொகை இரண்டு நிறுவனங்களையும் சேர்த்ததா, ஒன்றை மட்டும் கொண்டதா என்று நீங்களே சரிபார்த்து, தேவையானால் திருத்த வேண்டும். இரண்டாவது நிறுவனம் பிடித்தமே செய்யாதிருந்தால் படிவம் 16 தர அதற்குக் கட்டாயமும் இல்லை, உங்கள் பெயரில் பிடித்த வரியைப் பட்டியலிடும் படிவம் 26ஏ.எஸ்.-இல் அதன் பெயர் தென்படாமலும் போகலாம். அதனால் அந்தச் சம்பளம் வருமானமில்லை என்றாகிவிடாது. சம்பளச் சீட்டுகளைக் கூட்டி, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, அந்தத் தொகையைச் சேருங்கள். AIS என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையைத் தளத்திலேயே இறக்கிப் பார்த்தால் சேமிப்புக் கணக்கு வட்டியும் பிற வருமானங்களும் தெரியும், அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

பங்கு அல்லது பரஸ்பர நிதி விற்றவராக இருந்தால் உங்கள் காணொளி இன்னோரிடத்திலும் தவறாக வழிகாட்டும். அந்த ஆண்டு வரை மூலதன ஆதாயம் ஒரு ரூபாய் இருந்தாலும் ஐ.டி.ஆர்-2-க்குப் போக வேண்டியிருந்தது. இந்த ஆண்டு முதல், 112ஏ பிரிவின் கீழ் வரும் நீண்டகால ஆதாயம் 1,25,000 ரூபாய்க்குள் இருந்து, முந்தைய நட்டம் எதையும் முன்கொண்டு செல்லாதவர்கள் ஐ.டி.ஆர்-1-லேயே காட்டலாம். குறுகியகால ஆதாயம் இருந்தால் இன்றும் ஐ.டி.ஆர்-2தான்.

பாக்கித் தொகையைக் கட்டத் தளத்தில் e-Pay Tax என்ற இடத்துக்குச் சென்று, மதிப்பீட்டு ஆண்டு 2025-26 என்றும், வகை Self Assessment Tax (300) என்றும் தேர்ந்தெடுங்கள். இங்கே ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் கட்டிய பணம் வேறோர் ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் படிவத்தில் பாக்கி அப்படியே நிற்கும். கட்டிய பின் கிடைக்கும் செலானில் உள்ள பி.எஸ்.ஆர். குறியீடு, தேதி, செலான் எண் ஆகியவை படிவத்தில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சமர்ப்பியுங்கள்.

தேதிகளில் காணொளி சொல்லும் ஜூலை 31 என்பதே வழக்கமான கடைசி நாள். படிவங்களில் செய்த மாற்றங்களைக் காரணம் காட்டி, மத்திய நேரடி வரிகள் வாரியம் இந்த ஆண்டு அதை 2025 செப்டம்பர் 15-க்குத் தள்ளியிருக்கிறது. அதைத் தவறவிட்டால் டிசம்பர் 31 வரை தாமதத் தாக்கல் செய்யலாம், ஆனால் 5,000 ரூபாய் கட்டணமும் (மொத்த வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் 1,000), பாக்கி வரி மீது மாதம் 1 விழுக்காடு கூடுதல் வட்டியும் உண்டு. பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது: தாமதமாகத் தாக்கல் செய்பவர் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. வீட்டு வாடகைப்படி, 80சி முதலீடுகள் எனப் பழைய முறையில் உங்களுக்கு இலாபம் இருக்குமானால், நிறுவனத்தில் புதிய முறையைச் சொல்லியிருந்தாலும் தாக்கலின்போது மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த உரிமை கடைசி நாளுக்குள் தாக்கல் செய்பவருக்குத்தான். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் இதற்காக 10-ஐ.இ.ஏ. படிவம் தர வேண்டியதில்லை, ஐ.டி.ஆர்-1-லேயே அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

சமர்ப்பித்ததோடு வேலை முடியவில்லை. முப்பது நாளுக்குள் ஆதார் எண்ணோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. கொண்டு உறுதிசெய்ய வேண்டும். அன்றே செய்துவிடுவது நல்லது. முப்பது நாள் கடந்து உறுதிசெய்தால், உறுதிசெய்த நாளையே தாக்கல் செய்த நாளாகக் கொள்வார்கள்.

நான் மேலே எழுதிய தொகைகளும் தேதிகளும் மதிப்பீட்டு ஆண்டு 2025-26-க்கு மட்டுமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டமே நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்களும் மாறும். அடுத்த ஆண்டு யாராவது இந்தப் பதிலைத் தேடி வந்தால், இரண்டு தாள்களையும் சேர்த்துக் கழிவை ஒரு முறை மட்டும் எடுக்கும் முறையை வைத்துக்கொண்டு, எண்களை வருமான வரித் துறையின் தளத்தில் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு உங்கள் புதிய நிறுவனத்தில் முந்தைய சம்பளத்தைத் தெரிவிக்கும் 12பி படிவத்தை நீங்கள் கொடுத்தீர்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கொடுத்திருந்தால் இரண்டாவது தாளிலேயே மொத்த வருமானமும் ஏறியிருக்கும். அப்படி இருந்தால் மறுபடி கூட்டிவிடாதீர்கள், முதல் நிறுவனச் சம்பளம் இரண்டு முறை சேர்ந்துவிடும்.